“அது தீர்ந்துபோச்சும்மா... வேற தரட்டுமா?”

வீட்டுக்கு மளிகை அனுப்பும் கடை ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு மேல், எண்ணெய் அடுக்குப் பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையில் போன், காலடியில் பிளாஸ்டிக் கிரேட், போனில் ஒரு லிஸ்ட். ஆர்டர் எடுக்கிற பையன் ஒவ்வொரு சாமானாகத் தேடி எடுத்து கிரேட்டில் வைத்துக்கொண்டே வருவார். ‘நல்லெண்ணெய், ஒரு லிட்டர் பாட்டில்’ என்ற வரி வந்ததும் கை மேலே போகும். அந்த இடம் காலியாக இருக்கும். பின்னால் தள்ளிப் பார்ப்பார், கீழ் அடுக்கில் குனிந்து பார்ப்பார். கிடைக்காது. அடுத்த ஆர்டர் போனில் ஏற்கெனவே வந்து நிற்கும்.

இந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பக்கத்தில் இருக்கும் வேறொரு பாட்டிலை எடுத்து வைத்துவிடலாம். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்பலாம். ஆர்டர் கொடுத்தவரைக் கேட்கலாம். முதல் இரண்டும் பையனுக்குச் சுலபம். மூன்றாவதற்கு மட்டும்தான் நேரம் பிடிக்கும். ஆனால் முதல் இரண்டில் மிச்சமாகும் நேரத்தை, மறுநாள் காலை வீட்டில் இருப்பவர் போனில் கத்தியும், கடைக்காரர் மன்னிப்புக் கேட்டும், டெலிவரி வண்டி இன்னொரு முறை ஓடியும் திருப்பிக் கட்டுகிறார்கள்.

எண்ணெய் அடுக்கைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல கடைகளில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே விளக்கெண்ணெய் கலவை, தீப எண்ணெய் பாட்டில்களை அடுக்கியிருப்பார்கள். அதே மஞ்சள் நிறம், அதே உயரம், லேபிளில் குத்துவிளக்குப் படம். ‘சமையலுக்கு அல்ல’ என்பது சின்ன எழுத்தில் இருக்கும். அவசரத்தில் ‘நல்லெண்ணெய் மாதிரி’ ஒன்றை எடுக்கப்போனவர் இதை எடுத்துவிட்டால், இட்லிப் பொடிக்குக் குழைக்கிற எண்ணெயாக அது ஒரு வீட்டுக்குள் போய்விடும். மாற்றுப் பொருளைத் தோற்றத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் மூன்று, அடுக்கில் ஒன்றுமில்லை

‘இல்லாத பொருளை ஏன் ஆர்டர் எடுக்கிறீர்கள்?’ என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயமான கேள்வி. கடைக்காரர் பொய் சொல்லி ஆர்டர் வாங்கவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் மூன்று பாட்டில் இருப்பதாகத்தான் காட்டுகிறது. அந்த மூன்றில் ஒன்று, கடைக்குள் கூடையோடு நடக்கும் ஒருவர் கையில் இருக்கும். பில் போடும்வரை அது கம்ப்யூட்டருக்கு ‘இருக்கிற சரக்கு’தான். இன்னொன்று மூடி கசிந்து பின்னறையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும், ஆனால் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருக்காது. மூன்றாவதை யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு பிஸ்கட் பக்கம் வைத்துப் போயிருப்பார்கள்.

இதைத் தவிர பில் போடும் இடத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஒரே கம்பெனியின் இரண்டு வகை மசாலாவை எடுத்து வருகிறார்; பில் போடுபவர் ஒன்றை ஸ்கேன் செய்து ‘இரண்டு’ என்று அடித்துவிடுகிறார். விலை ஒன்றேதான் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த நிமிடம் முதல் ஒரு வகையில் ஒன்று கூடுதலாகவும், மற்றதில் ஒன்று குறைவாகவும் கணக்கு நிற்கும். இப்படியான சின்னச் சின்ன பிசகுகள் மாதக் கடைசியில்தான் வெளியே தெரியும், அதுவும் யாராவது எண்ணிப் பார்த்தால்.

விவரம் தெரிந்த கடைக்காரர்கள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். அடுக்கில் எண்ணிக்கை மூன்றுக்கோ நான்குக்கோ கீழே போனதும், கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் விற்பார்கள். ஆன்லைன் லிஸ்ட்டில் ‘ஸ்டாக் இல்லை’ என்று காட்டிவிடுவார்கள். வேகமாக ஓடும் சாமான்களை மட்டும் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு தடவை கையால் எண்ணிவிடுவார்கள். இதனால் சில ஆர்டர்கள் கைநழுவும்; அதை ஒப்புக்கொண்டே செய்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சில பொருள்கள் இல்லாமல் போகத்தான் செய்யும். பண்டிகைக்கு முந்தின நாள் வெல்லமும் பச்சரிசியும் எந்தக் கணக்குக்கும் அடங்காது. ஆகவே, இல்லாதபோது என்ன செய்வது என்ற ஒழுங்கு ஒவ்வொரு கடைக்கும் தேவைப்படுகிறது.

எதற்கு வாங்குகிறார்கள்?

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி அரிசி ஐந்து கிலோ கேட்ட வீட்டுக்கு, அது இல்லையென்று பொன்னிப் பச்சரிசி ஐந்து கிலோ போனால், கம்ப்யூட்டர் கணக்கில் அது ‘அரிசிக்குப் பதில் அரிசி’. அந்த வீட்டில் இட்லி அரிசி என்பது குண்டு குண்டான புழுங்கலரிசி. மதியம் ஊறப்போட்டு சாயங்காலம் அரைத்து, இரவெல்லாம் புளிக்க வைப்பதற்கானது. பச்சரிசியில் அரைத்தால் அந்தப் பதம் வராது. சீரகச் சம்பா கேட்டவருக்கு பாசுமதி கொடுத்தாலும் இதே கதைதான். பாசுமதி விலை கூடுதலாகவே இருந்தாலும், ஆம்பூர், திண்டுக்கல் பக்கத்துப் பிரியாணி செய்யப்போகிறவருக்கு அது ஒத்துவராது. தண்ணீர் அளவு வேறு, வேகும் நேரம் வேறு, வாசனையும் வேறு. ‘உயர்ந்த சரக்குதானே அனுப்பினோம்’ என்று கடைக்காரர் நினைத்தால் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இதே அரிசியில் நல்ல மாற்றும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் இட்லி அரிசி இல்லையென்றால், இன்னொரு கம்பெனியின் இட்லி அரிசி. ஐந்து கிலோ மூட்டை இல்லையென்றால் அதே அரிசியில் ஒரு கிலோ பாக்கெட் ஐந்து. அனுபவமுள்ள கடை ஊழியர் மனதில் இந்த வரிசை தானாக ஓடும்: முதலில் அதே பொருள் வேறு அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு அதே வகை வேறு கம்பெனியில். வகையையே மாற்றுவது என்று வந்துவிட்டால், கேட்காமல் கையை வைக்க மாட்டார்.

பாலில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஆவின் பாக்கெட்டின் நிறம் அதிலுள்ள கொழுப்பைச் சொல்கிறது. ஆரஞ்சு என்றால் 6 சதவீதம், பச்சை என்றால் 4.5, நீலம் என்றால் 3. ஆரஞ்சு தீர்ந்து பச்சை மட்டும் இருக்கும் மாலையில், காபிக்கு வாங்குகிறவர் பச்சையைத் தயங்காமல் எடுத்துக்கொள்வார். பால் பாயசத்துக்கு வாங்குகிறவர் கொஞ்சம் யோசிப்பார். எடுத்தாலும் சுண்டக் காய்ச்ச வேண்டிய நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வார். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னதால் நீலம் வாங்குகிறவருக்கு ஆரஞ்சைக் கொடுத்து ‘அதே விலைக்கு நல்ல பால்’ என்று சொன்னால், அவருக்கு அது உதவியே இல்லை. பாக்கெட்டைப் பார்த்தால் மட்டும் இது தெரியாது. வாங்குகிறவர் வாயால் சொன்னால்தான் தெரியும். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டாலும் மாற்றக்கூடாத பொருள்கள் சில உண்டு. முதலாவது மருந்து. டாக்டர் சீட்டில் எழுதிய மருந்து ‘ஷெட்யூல் ஹெச்’ அல்லது ‘ஷெட்யூல் எக்ஸ்’ பட்டியலில் இருந்தால், அதற்குப் பதில் வேறொன்றை, உள்ளே இருக்கும் மூலப்பொருள் ஒன்றேயானாலும், கடைக்காரர் தானாகக் கொடுக்க முடியாது. மருந்துகள் விதிகள் 1945-இன் 65-ஆம் விதி இதைத் தடுக்கிறது. டாக்டரிடம் திரும்பிப் போகச் சொல்வதுதான் அங்கே முறை. கைக்குழந்தைப் பால் மாவு சட்டத்தில் அப்படி இல்லாவிட்டாலும், என் கணக்கில் அதே வரிசைதான்: குழந்தைக்குப் பழகிய டப்பா இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வெளியே தெரியாத ஆபத்து பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சிலவற்றில் அரிசி மாவு. கோதுமை ஒவ்வாத ஒருவர் பார்த்துப் பார்த்து ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருப்பார். கடைக்கு அது வெறும் 50 கிராம் டப்பா. இதே வகையில் முட்டை சேராத கேக் கேட்டவருக்கு முட்டை சேர்த்த கேக் போவதும் அடங்கும். பாக்கெட்டில் பச்சைக் குறி இருக்கிறதா, பழுப்புக் குறி இருக்கிறதா என்று மாற்றுப் பொருளை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

ஒரு ஆர்டரின் கதை

இப்போது அந்த நல்லெண்ணெய் ஆர்டரையே முழுதாக நடத்திப் பார்ப்போம். விலைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆர்டரின் மொத்த மதிப்பு 1,250 ரூபாய். அதில் நல்லெண்ணெய் 420, மற்ற சாமான்கள் 830. ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி என்ற கூப்பன் போட்டு, வாடிக்கையாளர் 1,150 ரூபாயை யுபிஐயில் முன்கூட்டியே கட்டிவிட்டார். அவர் கேட்ட ஒரு லிட்டர் பாட்டில் இல்லை.

கடையிலிருந்து வழக்கமாக வரும் போன் இப்படித்தான் இருக்கும்: “அம்மா, நீங்க கேட்ட எண்ணெய் இல்லை. வேற போட்டு விட்டுடவா?” வீட்டில் அடுப்படியில் நிற்கும் அந்த அம்மாவுக்கு இதிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. வேறு என்றால் எது? என்ன விலை? வேண்டாம் என்றால் கட்டிய பணம் என்ன ஆகும்? ‘விட்டுடவா’ என்று கேட்டுவிட்டதால், சரி என்று சொல்வதே மரியாதை என்று தோன்றிவிடுகிறது. அவர் சம்மதித்தார் என்று கடை நினைக்கிறது. தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவர் நினைக்கிறார்.

அதே போனை இப்படிப் பேசலாம்: “அம்மா, கடையிலிருந்து பேசறேன். நீங்க கேட்ட நல்லெண்ணெய் ஒரு லிட்டர் பாட்டில் தீர்ந்துபோச்சு. அதே கம்பெனியில அரை லிட்டர் பாட்டில் இருக்கு, ரெண்டு அனுப்பறேன், நீங்க கட்டின 420 ரூபாயே போதும். இல்லேன்னா இன்னொரு கம்பெனியோட மரச்செக்கு எண்ணெய் ஒரு லிட்டர் 390 ரூபாய்க்கு இருக்கு, மிச்சம் 30 ரூபாயைத் திருப்பி அனுப்பிடறோம். ரெண்டும் வேண்டாம்னா எண்ணெய்ப் பணத்தை இப்பவே திருப்பிப் போட்டுடறேன், மத்த சாமான் எல்லாம் சரியா வந்துடும். எப்படி செய்யட்டும்மா?”

இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். இதில் உள்ள வேலைகளைக் கவனியுங்கள். இரண்டு அரை லிட்டர் பாட்டில் வாங்கினால் 440 ரூபாய். அந்த 20 ரூபாயைக் கடை ஏற்றுக்கொள்கிறது. பொருள் இல்லாமல் போனது கடையின் பக்கம் நடந்தது என்பதால், விலை கூடினால் கடை தாங்கும், விலை குறைந்தால் வித்தியாசம் வாடிக்கையாளருக்குப் போகும். இரண்டு மாற்றுக்கு மேல் சொல்லவில்லை. அடுக்கில் ஏழு வகை எண்ணெய் இருந்தாலும் ஏழையும் ஒப்பித்தால் யாராலும் போனில் முடிவெடுக்க முடியாது. மிக முக்கியமாக, ‘வேண்டாம்’ என்பது மற்ற இரண்டோடு சேர்த்து, அதே குரலில், கேட்காமலே சொல்லப்படுகிறது. பணம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு ஒருவர் ‘அரை லிட்டர் ரெண்டு அனுப்புங்க’ என்று சொன்னால் அதுதான் சம்மதம்.

வாட்ஸ்அப்பில் கேட்பதானால் இதையே மூன்று வரியாக எழுதி, 1, 2, 3 என்று எண் போட்டு, ஒரு எண்ணை அனுப்பினால் போதும் என்று சொல்லிவிடலாம். கூடவே அந்த மாற்றுப் பொருளின் படம் இருக்க வேண்டும். கம்பெனி வெளியிட்ட விளம்பரப் படத்தைவிட, அடுக்கில் இருக்கும் பாட்டிலையே லேபிளும் தேதியும் தெரிகிற மாதிரி எடுத்த படம் நல்லது.

நேரம்தான் இதில் கழுத்தைப் பிடிக்கிறது. கேள்வி, பையன் அடுக்குக்கு முன் நிற்கும்போதே போக வேண்டும். எல்லாம் பேக் செய்து பில் அடித்து வண்டியில் ஏற்றும்போது ‘ஒன்று குறைகிறதே’ என்று கண்டுபிடித்துக் கேட்டால், அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது. கேள்வியை அனுப்பிவிட்டு மீதிச் சாமான்களை எடுக்கலாம். முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பெரும்பாலும் பதில் வந்திருக்கும்.

பதில் வராவிட்டால்?

வராமலும் போகும். போன் சார்ஜில் இருக்கும், பஸ்ஸில் சத்தம் கேட்காது, பாட்டி மதியத் தூக்கத்தில் இருப்பார். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மாற்றுப் பொருளை அனுப்பலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதில் இல்லையென்றால் அந்தப் பொருளை எடுத்துவிட்டு, அதற்கான பணத்தைத் திருப்பிப் போட்டு, ‘இப்படிச் செய்துவிட்டோம்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். கடைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ‘சாம்பாருக்குப் பருப்பு இல்லாமல் போனால் அவங்களுக்குத்தானே கஷ்டம்?’ அது உண்மையான கவலைதான். ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் வேறு. ஆர்டர் கொடுக்கும்போதே, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், ‘இது இல்லையென்றால்?’ என்று கேட்டுவிட வேண்டும். ‘அதே மாதிரி வேறு கம்பெனி பரவாயில்லை’, ‘என்னைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்’, ‘வேண்டாம், பணம் போதும்’ என்ற மூன்றில் ஒன்றை வாடிக்கையாளரே தொட்டுவிட்டால், பருப்புக்கு ஒன்றும் பெருங்காயத்துக்கு ஒன்றும் என்று அவர் பிரித்துச் சொல்லிவிடுவார். பாட்டி தூங்கினாலும் பருப்பு வந்துவிடும்.

இந்த மூன்றில் எதையும் கடை முன்கூட்டியே ‘டிக்’ அடித்து வைக்கக் கூடாது. 2020 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: பொருள் வாங்குவதற்கான சம்மதத்தை வாடிக்கையாளர் தாமே வெளிப்படையாகத் தர வேண்டும்; முன்பே டிக் போட்ட கட்டங்கள் மூலம் அதைப் பதிவு செய்வது கூடாது. ‘மாற்றுப் பொருளுக்குச் சம்மதம்’ என்று ஏற்கெனவே டிக் அடித்து, ஆர்டர் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வைத்திருக்கும் கடைகள் இந்த விதியைப் படித்துப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு, எந்த வழியில், எப்போது?

நம்முடைய ஆர்டரில் வாடிக்கையாளர் ‘எண்ணெய் வேண்டாம், பணம் போதும்’ என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? 420 என்று உடனே சொல்லத் தோன்றும். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லாது. எண்ணெயை எடுத்துவிட்டால் ஆர்டர் 830 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. ஆயிரத்துக்குக் கீழே போனதால் கூப்பன் செல்லாது என்று அது 100 ரூபாயைப் பிடித்துக்கொள்ளும். கட்டிய 1,150-இல் 830 போக, 320 ரூபாய்தான் திரும்பும். வாடிக்கையாளர் 420 ரூபாய்ப் பொருளை இழந்து 320 ரூபாய் பெறுகிறார். இதைவிடச் சண்டைக்குக் காரணமான கணக்கு வேறில்லை. அவர் ஆயிரத்துக்கு மேல்தான் ஆர்டர் கொடுத்தார், குறைத்தது கடை.

தள்ளுபடியைச் சாமான்கள்மீது பிரித்துப் போடுவது இன்னொரு வழி. 1,250-க்கு 100 என்றால் 420-க்கு 33 ரூபாய் 60 காசு. எண்ணெய்க்காக அவர் உண்மையில் கட்டியது 386 ரூபாய் 40 காசு. அதைத் திருப்பித் தருவது கணக்கில் சரி. அதை ஒரு வரியில் விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்பார்கள். ஒரு தெருக்கடை 420-ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுவதையே நான் விரும்புவேன். வித்தியாசம் 34 ரூபாய்கூட இல்லை, விளக்கமும் தேவைப்படாது. இலவச டெலிவரிக்கும் இதே நியாயம்தான்: கடையில் பொருள் இல்லாததால் தொகை குறைந்தது என்றால், டெலிவரிக் கட்டணத்தைப் புதிதாகப் போடக் கூடாது.

அடுத்தது வழி. கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டும். யுபிஐயில் வந்தது யுபிஐக்கே, கார்டில் வந்தது கார்டுக்கே. ஆன்லைன் பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல், வாடிக்கையாளர் குறிப்பாகச் சம்மதித்தாலொழிய, பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்கிறது. ‘உங்கள் கடை வாலட்டில் 420 ரூபாய் சேர்த்துவிட்டோம்’ என்பது, கேட்காமல் செய்தால், பணம் திருப்பியது ஆகாது. அது அடுத்த முறையும் இங்கேயே வாங்கு என்று பிடித்து வைப்பது. சிலருக்கு வாலட்டே வசதி. அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

நேரம், கட்டிய வழியைப் பொறுத்தது. ஆப் மூலமோ லிங்க் மூலமோ கட்டியிருந்தால், கடை தன் கணக்கில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து ‘ரீஃபண்ட்’ கொடுத்தால் போதும். யுபிஐ விரைவில் வந்துவிடும், கார்டுக்குச் சில வேலை நாள்கள் ஆகும். கடையின் கியூஆரை ஸ்கேன் செய்து நேரடியாகப் போட்டிருந்தால், கடைக்காரர் தானே வாடிக்கையாளரின் எண்ணுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். எந்த வழியானாலும், யுபிஐயில் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். பணம் வரவில்லை என்றால் அந்த எண்ணை வைத்துத்தான் வங்கியில் கேட்க முடியும். ‘போட்டாச்சும்மா, வந்துடும்’ என்ற பேச்சை வைத்து எந்த வங்கியிலும் எதையும் தேட முடியாது.

இங்கே வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரை அடியுங்கள்’ என்று போன் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் அடித்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். நேர்மையான கடைகள், ‘நாங்கள் எதையும் அடிக்கச் சொல்ல மாட்டோம்’ என்பதைத் தங்கள் மெசேஜிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுகின்றன.

இவ்வளவு சிக்கலும் முன்பணம் வாங்குவதால் வருகிறது. பழைய தெருமுனை மளிகைக் கடைகள் பல இன்றும் வேறு மாதிரி நடத்துகின்றன. லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, சாமானை எடுத்து, இல்லாததைப் போனில் கேட்டு முடித்து, பிறகு பில் போட்டு, அந்தத் தொகையை மட்டும் அனுப்பச் சொல்கிறார்கள். திருப்பித் தர வேண்டிய பணமே அங்கே உருவாவதில்லை. பெரிய கடைகளும் இதற்கு வழி செய்யலாம். ஷேர் வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது யுபிஐயில் பணம் நம் கணக்கிலேயே பிடித்து வைக்கப்பட்டு, ஒதுக்கீடானதற்கு மட்டும் எடுக்கப்படுகிறது அல்லவா, அதே ஏற்பாடுதான்: ஆர்டரின்போது தொகையைப் பிடித்து வைத்து, சாமான் எடுத்து முடித்த பிறகு பில் தொகையை மட்டும் எடுப்பது.

வாசலில்

சம்மதித்து வாங்கிய மாற்றுப் பொருளும் கையில் பார்த்தபின் பிடிக்காமல் போகலாம். மாற்றியவற்றைத் தனிப் பையில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, “அம்மா, இது மாத்தி வந்தது, பாத்துக்கோங்க” என்று டெலிவரி செய்பவர் சொல்லிக் கொடுத்தால், அங்கேயே திருப்பித் தந்துவிட முடியும். “கடையில கேட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பும்படி அவரைக் கடை வைத்திருக்கக் கூடாது. திருப்பி வாங்கிக்கொள்ளவும், பணத்தைத் திருப்பச் சொல்லிக் கடைக்குப் போன் போடவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

கேட்காமலே மாற்றி அனுப்பியிருந்தால் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, கேட்ட சரக்கோடு கேட்காத வகைச் சரக்கு கலந்து வந்தால், கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், முழுவதையுமே மறுக்கவும் செய்யலாம் என்கிறது. 43-ஆம் பிரிவு இன்னும் உதவுகிறது: உரிமையோடு மறுத்த சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கடமை வாங்கியவருக்கு இல்லை, வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும். ஆகவே ‘நீங்களே கடைக்கு எடுத்துட்டு வாங்க’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பாட்டிலைத் திறக்காமல், படம் எடுத்து, அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதற்கும் அசையாத கடையைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடைக்காரர்களுக்குச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. எந்தப் பொருள் எந்த நாளில் இல்லாமல் போனது, என்ன மாற்று சொன்னோம், வாடிக்கையாளர் எடுத்தாரா, பணம் கேட்டாரா என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரச்செக்கு எண்ணெயைச் சொன்னபோதெல்லாம் ஆட்கள் மறுத்திருந்தால், இனி அதைச் சொல்லிப் பயனில்லை. அரை லிட்டர் பாட்டிலை எல்லோரும் எடுத்திருந்தால், அடுத்த முறை முதலில் அதைச் சொல்லலாம். வாரம் ஒருமுறை அந்த நோட்டு கொள்முதல் பார்ப்பவரின் மேசைக்குப் போக வேண்டும். ஒரே பொருள் அதில் திரும்பத் திரும்ப வந்தால், மாற்றுத் தேடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பொருளை இன்னும் ஒரு பெட்டி கூடுதலாக இறக்கச் சொல்லுங்கள்.